மாலில் தனியாக நின்ற குழந்தை, நோட்டில் மட்டும் இருக்கும் அண்ணன்

தரைத்தளம் | 15 ஜூன் 2025, காலை 7.50

சென்னையில் ஒரு மால். தரைத்தளத்துக்கு மேல மூணு மாடி, கீழே ரெண்டு பேஸ்மென்ட். நேத்து சனிக்கிழமை சாயங்கால ஷிஃப்ட்டில் எங்க கார்டு எழுதின பதிவு இது. நோட்டில் இருக்கிறபடியே:

"மாலை 6.10 மணிக்கு 2ஆம் தளம் எஸ்கலேட்டர் அருகில் சுமார் 4 வயது பெண் குழந்தை தனியாக அழுதுகொண்டிருந்தது. அண்ணனுடன் வந்ததாகக் கூறியது. ஹெல்ப் டெஸ்க்கில் அமர வைத்து மைக்கில் அறிவிக்கப்பட்டது. 6.32க்குத் தந்தை வந்தார். குழந்தை ஓடிச் சென்று கட்டிக்கொண்டது. ஆதார் பார்த்து ஒப்படைக்கப்பட்டது."

மேனேஜர் ரெண்டு இடத்தில் பிடிக்கிறார். அண்ணனோட வந்ததுன்னு எழுதியிருக்கு, வந்தவர் அப்பா. எங்களுக்கு ஒரே பொண்ணுன்னு அவரே சொல்லிட்டுப் போனார். அப்ப அந்த அண்ணன் யாரு? ரெண்டாவது, பிளே ஏரியா கடைக்காரர் கேமராவில் குழந்தை வாசல் தாண்டுறது 6:09:10. எங்க காரிடார் கேமராவில் அதே குழந்தை நடந்து போறது 6:06:50. உள்ளே இருந்து வெளியே வர்றதுக்கு முன்னாடியே எப்படி காரிடாரில் நடக்கும்?

"தப்பான ஆள் கையில் கொடுத்துட்டீங்களா?"ன்னு கேட்கிறார். தப்பு இல்லைன்னு எனக்குத் தெரியுது, ஆனா நோட்டை வச்சு நிரூபிக்க முடியல. எப்படி எழுதியிருக்கணும்?

சட்டப்புள்ளி | 15 ஜூன், காலை 8.15

இளைஞர் நீதிச் சட்டம் 2015. கிடைத்த குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். அதுவரை நீங்கள் வைத்திருக்கலாம். குழுவைக் கேட்காமல் அப்பாவிடம் கொடுத்ததே தவறு. நோட்டில் என்ன எழுதினாலும் அது மாறாது.

சும்மா வந்தவன் | 15 ஜூன், காலை 8.31

அப்ப 22 நிமிஷத்தில் வந்த அப்பாவை "குழு கூடட்டும், நாளைக்கு வாங்க"ன்னு அனுப்பணுமா? அந்த ஹெல்ப் டெஸ்க்கில் நான் உட்கார மாட்டேன்பா.

பழைய கண்ட்ரோல் ரூம் | 15 ஜூன், காலை 9.40

சட்டம் தெரிந்தவர்கள் வந்து சட்டத்தைச் சொல்லட்டும். நான் நோட்டைப் பார்க்கிறேன்.

இந்தப் பதிவில் என்னை உறுத்துவது "கூறியது" என்ற சொல். நாலு வயதுக் குழந்தை, அதுவும் அழுதுகொண்டே, "நான் அண்ணனுடன் வந்தேன்" என்று வாக்கியமாகச் சொல்லியிருக்காது. ஏதோ ஒரு சத்தம் வந்திருக்கும், உங்கள் கார்டு அதற்குப் பொருள் சொல்லி எழுதியிருக்கிறார். காதில் விழுந்தது நோட்டில் இல்லை, அவர் புரிந்துகொண்டதுதான் இருக்கிறது. அந்தக் கார்டிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: குழந்தை வாயில் வந்த சொல் என்ன? "என்ன சொன்னது" என்று கேட்காதீர்கள், அண்ணன் கதையைத்தான் திரும்பச் சொல்வார்.

அடுத்தது, 6.10 யாருடைய கடிகாரம்? கார்டின் கைக்கடிகாரமா, வாக்கியில் கண்ட்ரோல் ரூம் சொன்னதா? நோட்டில் இல்லை. கேமரா நேரக் குழப்பத்துக்கும் இதுதான் வேர் என்று நினைக்கிறேன், ஆனால் அதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கடைசியாக ஒன்று. பழைய பதிவின் மேல் கை வைக்காதீர்கள். ஒயிட்னர் வேண்டாம், பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், "அண்ணன்" மேல் கோடு கூட வேண்டாம். இன்றைய தேதி, நேரம் போட்டு அடுத்த காலி வரியில் பின்பதிவு எழுதிக் கையெழுத்திடுங்கள். தப்பு அப்படியே தெரியும்போதுதான் திருத்தத்தை நம்புவார்கள்.

ரெண்டு வாண்டு அம்மா | 15 ஜூன், காலை 10.12

எங்க சின்னவனுக்கு மால் போகும்போதெல்லாம் கையில் என் நம்பர் எழுதிடுவேன். ஸ்கெட்ச் பேனா வியர்வையில் அரை மணி நேரத்தில் கரைஞ்சு 7 எல்லாம் 1 ஆயிடுச்சு. இப்ப பால்பாயின்ட் பேனாவில் எழுதி மேலே செல்லோடேப் ஒரு துண்டு ஒட்டிடுறேன், சாயங்காலம் வரைக்கும் நிக்குது. பேர் மட்டும் எழுதாதீங்க, நம்பர் போதும். வாசலிலேயே அன்னிக்குப் போட்டிருக்கிற டிரெஸ்ஸோட முழு உருவம் தெரிய ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. பதட்டத்தில் நம்ம பிள்ளை என்ன கலர் போட்டிருந்ததுன்னு நமக்கே ஞாபகம் வராது.

தரைத்தளம் | 15 ஜூன், காலை 11.05

அக்கா, நான் கேட்டது செக்யூரிட்டி நோட்டு பத்தி. ஆனா செல்லோடேப் விஷயம் நல்லா இருக்கு.

கார்டுகிட்ட போனில் கேட்டேன் சார். "நானா, நானான்னுதான் அழுதுச்சு. வேற எதுவும் சொல்லல. நானான்னா அண்ணன்தானே சார்"ங்கிறார். அவருக்கு நாகூர் பக்கம். அவங்க வீட்டில் அண்ணனை நானான்னுதான் கூப்பிடுவாங்களாம். அதனால வாக்கியிலும் "அண்ணனைத் தேடுது, பதினஞ்சு பதினாறு வயசுப் பையன் யாராவது தேடிட்டு வர்றானா பாருங்க"ன்னு சொல்லியிருக்கார். முதல் பத்து நிமிஷம் எல்லா மாடியிலும் பையனைத்தான் தேடியிருக்காங்க.

குண்டூர் மருமகள் | 15 ஜூன், காலை 11.20

அய்யோ. அது நான்னா! தெலுங்கில் அப்பா. என் மாமனார் வீட்டில் வாண்டு முதல் கிழம் வரை எல்லாருக்கும் அப்பா நான்னாதான். அழுதுகொண்டே சொன்னால் நடுவில் இருக்கும் அழுத்தம் போய் நானா என்றுதான் காதில் விழும். வந்தவர் தெலுங்குக்காரரா?

தரைத்தளம் | 15 ஜூன், காலை 11.26

ஆமா. குழந்தைகிட்ட ஏதோ தெலுங்கில் பேசினார்னு ஹெல்ப் டெஸ்க் பொண்ணு சொன்னா. அது நோட்டில் இல்லை.

சும்மா வந்தவன் | 15 ஜூன், காலை 11.34

அண்ணன் கிடைச்சிட்டார். அப்பாவா இருக்கார்.

பழைய கண்ட்ரோல் ரூம் | 15 ஜூன், பகல் 12.15

பார்த்தீர்களா? நோட்டில் "நானா நானா என்று அழுகிறது, வேறு சொல் இல்லை" என்று மட்டும் இருந்திருந்தால் அடுத்து அதைப் படித்த யாராவது ஒருவர் தெலுங்கு என்று பிடித்திருப்பார். ஹெல்ப் டெஸ்க் பெண்ணுக்கே தெரிந்திருக்கலாம். கார்டு மொழிபெயர்த்ததும் அந்த வழி அடைபட்டுவிட்டது, பத்து நிமிடம் இல்லாத பையனைத் தேடினார்கள்.

அந்தக் கார்டைத் திட்டாதீர்கள். அவர் வீட்டுத் தமிழில் அவர் சொன்னது சரிதான். பதிவேட்டில் அதற்கு இடம் பிரித்துக் கொடுக்காதது உங்கள் தப்பு. "குழந்தை வாயில் வந்த சொல்" என்று ஒரு கட்டம், "கார்டின் ஊகம்" என்று பக்கத்தில் இன்னொரு கட்டம். முதல் கட்டத்தில் ஒலியை எழுத வேண்டும், பொருள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

கேட்கும் கேள்வியையும் அதில் எழுதச் சொல்லுங்கள். "அண்ணனோட வந்தியா?" என்று கேட்டால் நாலு வயது தலையாட்டும். "மாமாவோட வந்தியா?" என்றாலும் தலையாட்டும். "யாரோட வந்தே?" என்று திறந்த கேள்வியாகக் கேட்டால் கிடைக்கிற பதிலுக்குத்தான் மதிப்பு. "அப்பா பேர் என்ன?" என்றால் "அப்பா" என்று வரும், சிரிக்காமல் அதையும் எழுதுங்கள். அதைவிட "அம்மா அப்பாவை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டால் பெயரோ செல்லப்பெயரோ விழும். குழந்தை சொல்லும் தன் பெயரும் வீட்டுப் பெயராகத்தான் இருக்கும். ஆதாரில் உள்ள பெயரோடு அது பொருந்தவில்லை என்று பயப்பட வேண்டாம், ஒப்படைக்கும்போது உதவப்போவது அந்த வீட்டுப் பெயர்தான்.

மாவட்ட அலகு | 15 ஜூன், மதியம் 1.30

மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகில் வேலை பார்க்கிறேன். சட்டப்புள்ளி இரண்டு பிரிவுகளைக் கலந்துவிட்டார்.

குழு முன் நிறுத்துவது பிரிவு 31. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையைப் பற்றியது அது. மாலுக்கு நேராகப் பொருந்துவது பிரிவு 32. தொலைந்ததாகவோ கைவிடப்பட்டதாகவோ தெரியும் குழந்தையை யார் பொறுப்பில் எடுத்தாலும் 24 மணி நேரத்துக்குள் சைல்டுலைனுக்கோ, அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ, மாவட்ட அலகுக்கோ தகவல் தர வேண்டும், அல்லது பதிவு பெற்ற காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். பயண நேரம் அதில் சேராது. தகவல் தராமல் விட்டால் பிரிவு 34 படி 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும்.

"அதுவரை நீங்கள் வைத்திருக்கலாம்" என்பது ஆபத்தான வாசிப்பு. 24 மணி நேரம் என்பது வெளி எல்லை, குழந்தையை மாலில் உட்கார வைக்கக் கொடுத்த அனுமதி அல்ல. நடைமுறையில் நான் மால்காரர்களிடம் சொல்வது: அரை மணி நேரத்தில் யாரும் வரவில்லை என்றால் 1098 அழையுங்கள். காயம், காய்ச்சல், மயக்கம், உடலில் பழைய தழும்பு, அல்லது தேடி வந்தவரைக் கண்டு குழந்தை ஒதுங்குவது, இதில் ஒன்று இருந்தாலும் அரை மணி நேரம் பார்க்காதீர்கள், உடனே 1098 அல்லது 112. மால் மூடும் நேரம் நெருங்கினாலும் அப்படியே. அரை மணி என்பது சட்டத்தில் இல்லை, என் கணக்கு.

சட்டப்புள்ளி | 15 ஜூன், மதியம் 1.48

சரி, 31, 32 கலந்துவிட்டேன். ஆனால் 32ஐ எழுத்துப்படி படித்தால், 22 நிமிடத்தில் அப்பா வந்தாலும் இடைப்பட்ட நேரத்தில் குழந்தை மாலின் பொறுப்பில்தானே இருந்தது? தொலைந்த குழந்தைதானே? அப்போது தகவல் தர வேண்டும், இல்லையா?

மாவட்ட அலகு | 15 ஜூன், மதியம் 2.05

எழுத்துப்படி நீங்கள் சொல்வதற்கு இடமிருக்கிறது. பெற்றோர் அதே கட்டடத்தில் தேடிக்கொண்டிருக்கும்போது அது "தொலைந்த" குழந்தையா, கொஞ்ச நேரம் கை விட்டுப்போன குழந்தையா என்பதில் எங்கள் அலுவலகத்திலேயே ஒரே கருத்து இல்லை. ஒவ்வொன்றையும் காவல் நிலையத்துக்கு ஒரு வரி தெரிவித்துவிடும் மால்களும் உண்டு, தெரிவிக்காதவையும் உண்டு. தெரிவிப்பதால் நஷ்டம் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொன்று, குழந்தையை உங்கள் கார்டு யாராவது சொந்த போனில் போட்டோ எடுத்தாரா?

தரைத்தளம் | 15 ஜூன், மதியம் 2.20

எடுத்தாங்க மேடம். செக்யூரிட்டி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாங்க, எல்லா மாடிக்கும் தெரியணும்னு.

மாவட்ட அலகு | 15 ஜூன், மதியம் 2.41

அதை இன்றே எல்லார் போனிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள், கேலரியிலிருந்தும் சேர்த்து. கிடைத்த குழந்தையைத் தேடுவதற்கு மற்ற மாடிக் கார்டுகளுக்குப் படம் எதற்கு? குழந்தை உங்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் பார்க்க வேண்டியது பதறி ஓடும் பெரியவரை.

குரூப்பிலிருந்து ஒருவர் வீட்டுக்கு அனுப்பினால் போதும், "இந்தக் குழந்தையின் பெற்றோரைக் கண்டுபிடிக்க உதவுங்கள்" என்று அது ஊர் சுற்றும். குழந்தை வீடு போய்ப் பல மாதம் கழித்தும் சுற்றும். இப்படிப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதைப் பிரிவு 74 தடுக்கிறது, தண்டனை 6 மாதம் வரை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வாட்ஸ்அப் குரூப் அதில் வருமா என்று சட்டப்புள்ளியும் நானும் இன்னொரு நாள் சண்டை போடலாம். படம் தேவை என்றால் ஹெல்ப் டெஸ்க் கேமராவே எடுத்துக்கொண்டிருக்கிறது.

கேமரா கண்ணன் | 15 ஜூன், மாலை 4.10

நேரக் குழப்பத்துக்கு வரேன். ரெண்டு கேமராவும் ஒரே பெட்டியில் பதியுதா?

தரைத்தளம் | 15 ஜூன், மாலை 4.18

இல்லை. காரிடார் எங்க என்விஆர். பிளே ஏரியா கடைக்காரரோட சொந்த டிவிஆர்.

கேமரா கண்ணன் | 15 ஜூன், மாலை 4.40

அதான். உங்க என்விஆர் இன்டர்நெட்டில் நேரம் சரிபார்த்துக்கும். கடைக்காரர் டிவிஆரை இன்ஸ்டால் பண்ணின அன்னிக்குக் கையால் நேரம் வச்சிருப்பாங்க, அதுக்கப்புறம் யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. உள்ளே இருக்கிற கடிகாரம் நாளுக்கு ஒண்ணு ரெண்டு விநாடி ஓடும் இல்ல பின்தங்கும். பேட்டரி செத்திருந்தா கரண்ட் போய் வரும்போது எங்கேயோ போய் நிக்கும்.

இப்ப போய் இதைச் செய்யுங்க. நெட்வொர்க் நேரத்தில் இருக்கிற போன்ல விநாடி தெரியுற கடிகாரத்தைத் திறந்து, கடை கேமரா முன்னாடி பிடிங்க. மானிட்டரில் போன் காட்டுற நேரமும் மூலையில் டிவிஆர் போடுற நேரமும் ஒரே படத்தில் விழும். அதை ஸ்டில் எடுத்து வச்சுக்கோங்க. உங்க காரிடார் கேமராவுக்கும் அதே மாதிரி ஒண்ணு.

டிவிஆர் நேரத்தை மட்டும் சரி பண்ணிடாதீங்க! இப்ப மாத்தினா நேத்து எவ்வளவு தப்பா ஓடுச்சுன்னு நிரூபிக்க முடியாது. முதலில் அளக்கணும், அப்புறம் வீடியோவைப் பிரதி எடுக்கணும், அதுக்குப் பிறகுதான் கடிகாரத்தில் கை வைக்கணும்.

தரைத்தளம் | 15 ஜூன், மாலை 6.25

அளந்தாச்சு. எங்க காரிடார் கேமராவும் போனும் ஒரே விநாடி. கடை டிவிஆர் 3 நிமிஷம் 40 விநாடி முன்னாடி ஓடுது.

கழிச்சுப் பார்த்தா 6:09:10ங்கிறது நிஜத்தில் 6:05:30. காரிடாரில் 6:06:50. அப்ப வாசல் தாண்டி 1 நிமிஷம் 20 விநாடி கழிச்சு. நடுவில் ஐஸ்கிரீம் கவுன்டர் கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்துட்டுத்தான் போகுது, அது வேற கேமராவில் தெரியுது. பொருந்துது!

கேமரா கண்ணன் | 15 ஜூன், மாலை 6.38

நல்லது. ஆனா இது இன்னிக்கு அளந்த வித்தியாசம். நேத்தும் இதே 3:40தான்னு எப்படிச் சொல்வீங்க? கடிகாரத்தோட சம்பந்தமில்லாத மூணாவது சாட்சி ஒண்ணு வேணும். அப்பா கடையில் பில் போட்டாரா?

தரைத்தளம் | 15 ஜூன், இரவு 7.30

போட்டிருக்கார், அந்த நேரத்தில்தான் குழந்தை நழுவியிருக்கு. பில்லில் 18:05ன்னு இருக்கு, விநாடி இல்லை. பில் மெஷின் இன்டர்நெட்டில் இருக்கு. கடை கேமராவில் அவர் கார்டை வைக்கிறது 18:08:55. 3:40 கழிச்சா 18:05:15.

கேமரா கண்ணன் | 15 ஜூன், இரவு 7.41

போதும், நேத்தும் அதே வித்தியாசம்தான். இனி வீடியோவை டிவிஆர் கொடுக்கிற மூல வடிவத்திலேயே எடுங்க. மானிட்டரைப் போனில் படம் பிடிச்சு வைக்கிறது வேலைக்கு ஆகாது. உங்க என்விஆர் எத்தனை நாள் வைக்கும்னு பாருங்க, ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சதும் பழசு மேல எழுதிடும், சொல்லிட்டு எழுதாது. எடுத்த கோப்புக்கு ஹாஷ் போட்டு அந்த எண்ணைப் பின்பதிவில் சேருங்க:

```
certutil -hashfile corridor_0614.mp4 SHA256
```

கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63 சான்றிதழில் ஹாஷ் மதிப்பு கேட்கிறாங்க. கோர்ட்டுக்குப் போகப் போறதில்லைதான், ஆனா அதைப் போட ரெண்டு நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.

ரெண்டு வாண்டு அம்மா | 15 ஜூன், இரவு 8.05

எனக்கு ஒண்ணு புரியல. அறிவிப்பு பண்ணினாங்கதானே, அப்பா மாடியில்தானே இருந்தார், 22 நிமிஷம் எதுக்கு? வெளிநாட்டில் எல்லாக் கதவையும் பூட்டிடுவாங்களாமே, நம்ம ஊரில் ஏன் செய்யறதில்லை?

பழைய கண்ட்ரோல் ரூம் | 15 ஜூன், இரவு 9.10

அம்மா சொல்வது கோட் ஆடம். 1981இல் அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலம் ஹாலிவுட் ஊரில் ஒரு மால் கடையிலிருந்து 6 வயது ஆடம் வால்ஷ் கடத்திக் கொல்லப்பட்டான். அவன் பெயரில் 1994இல் வால்மார்ட் தொடங்கிய முறை இது. பெற்றோர் வந்து "குழந்தையைக் காணோம்" என்றதும் அங்க அடையாளத்தை ஊழியர்களுக்கு அறிவித்து, வாசல்களில் ஆள் நிறுத்தித் தேடுவார்கள். 10 நிமிடத்தில் கிடைக்காவிட்டால் போலீஸ்.

தரைத்தளத்துக்கு நடந்தது அதன் தலைகீழ். குழந்தை கையில் இருக்கிறது, பெரியவரைக் காணோம். இந்த இரண்டுக்கும் அறிவிப்பு நேர் எதிராக இருக்க வேண்டும், இதில்தான் பல மால்கள் வழுக்குகின்றன. காணாமல் போன குழந்தை என்றால் சட்டை நிறம், செருப்பு, சடை எல்லாம் கார்டுகளுக்குச் சொல்ல வேண்டும். கிடைத்த குழந்தை என்றால் மைக்கில் எதுவும் சொல்லக்கூடாது. "மஞ்சள் கவுன் போட்ட நாலு வயதுப் பெண் குழந்தை ஹெல்ப் டெஸ்க்கில் இருக்கிறது" என்று அறிவித்தால், ஒப்படைக்கும்போது கேட்க வேண்டிய கேள்விக்கு விடையை ஊருக்கே கொடுத்துவிட்டீர்கள். "குழந்தையைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் தரைத்தளம் ஹெல்ப் டெஸ்க்குக்கு வரவும்", அவ்வளவுதான். தமிழ், ஆங்கிலம், இந்தி, தெலுங்கு.

கதவைப் பூட்டுவது இங்கே நடக்காது. தீ விபத்துக்கான வழியைப் பூட்ட முடியாது. வாசலில் ஆள் நிறுத்தலாம், பேஸ்மென்ட் சரிவுப் பாதையில் வண்டிகளைக் கொஞ்சம் தாமதிக்கலாம்.

22 நிமிடத்துக்கு என் ஊகம், பிளே ஏரியாவுக்குள் உங்கள் மைக் கேட்டிருக்காது.

தரைத்தளம் | 15 ஜூன், இரவு 9.32

சரியாப் பிடிச்சீங்க சார். அங்கே அவங்க சொந்தப் பாட்டு ஓடுது, எங்க ஸ்பீக்கர் உள்ளே இல்லை. அப்பா முதலில் அங்கேயே ஊஞ்சல், பந்துக்குளம் எல்லாம் தேடியிருக்கார். கடைப் பையன்கிட்ட சொல்லியிருக்கார், அவன்கிட்ட வாக்கி கிடையாது, எங்க நம்பரும் தெரியாது. அறிவிப்பு 6.18, அதிலும் "மஞ்சள் கவுன்"னுதான் சொல்லியிருக்கோம்.

பழைய கண்ட்ரோல் ரூம் | 15 ஜூன், இரவு 10.20

பிளே ஏரியா, சினிமா தியேட்டர், புட் கோர்ட், இந்த மூன்றின் கவுன்டரிலும் கண்ட்ரோல் ரூம் நேரடி எண்ணை ஒட்டுங்கள். குழந்தை கிடைத்தால் மைக்குக்கு முன் அந்த மூன்று இடங்களுக்குப் போன்.

இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கண்டெடுத்த இடத்திலேயே ஐந்து நிமிடம் இருந்திருக்கலாம். தேடும் பெற்றோர் வந்த வழியே திரும்பி வருவார்கள், தரைத்தளத்துக்குக் கூட்டிப் போனதும் அந்தக் கண்ணி அறுந்துவிடுகிறது. எஸ்கலேட்டர் ஓரம் ஆபத்து என்றால் பத்தடி தள்ளி, கேமராவுக்குள். ஒரு பெண் கார்டு வரும்வரை தனியாகத் தூக்கிக்கொண்டு எங்கும் போகக்கூடாது. முட்டி போட்டு உட்கார்ந்தால் குழந்தை அருகில் வரும். தண்ணீர் கொடுக்கலாம், சாக்லேட் வேண்டாம், எந்தக் குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று நமக்குத் தெரியாது.

இனி ஒப்படைப்பு. "குழந்தை ஓடிப் போய்க் கட்டிக்கொண்டது, ஆதார் பார்த்தோம்." இரண்டுமே குறை. அப்பாவின் ஆதார் அவர் யார் என்று சொல்லும். யாருக்கு அப்பா என்று சொல்லாது. குழந்தை சித்தப்பாவிடமும் ஓடும், பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஓடும். பிரிந்து வாழும் அப்பாவிடமும் ஓடும், அவரிடம் கொடுக்கலாமா என்பது வேறு விஷயம். ஓடியதை எழுதுங்கள், சாட்சியாக எடுக்காதீர்கள்.

வந்தவருக்குக் குழந்தை தெரியாதபடி முதலில் அவரைப் பேசவிடுங்கள். என்ன உடை, காலில் என்ன, வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள், எங்கே கை விட்டது. நீங்கள் அவர் வருமுன்பே எழுதிவைத்ததோடு ஒப்பிடுங்கள். அதில் ஒரு அடையாளம் வெளியே தெரியாததாக இருக்கட்டும், பாக்கெட்டில் இருந்த பொம்மை, முழங்காலில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் மாதிரி. பிறகு அவர் போன் கேலரி. ஒரு படம் போதாது, வேறு வேறு நாளில், வேறு வேறு இடத்தில். கடைசியாக, நுழைவாயில் கேமரா. இதை மிஞ்சிய சாட்சி கிடையாது. அன்று அந்தக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவர் இவரா? பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

குண்டூர் மருமகள் | 15 ஜூன், இரவு 10.44

பெற்ற தகப்பன் குழந்தையைப் பார்க்காமல் வெளியே நின்று பரீட்சை எழுத வேண்டுமா? அதுவும் மொழி தெரியாத ஊரில்? படிக்கவே வயிற்றைப் பிசைகிறது.

பழைய கண்ட்ரோல் ரூம் | 15 ஜூன், இரவு 10.58

"குழந்தை நல்லா இருக்கு, உள்ளே பொண்ணுங்க கூட இருக்கு" என்று முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு மூன்று நிமிடம் யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. சொல்லாமல் ஆதார் கேட்டால் சட்டையைப் பிடிப்பார்கள், பிடிப்பது நியாயம்தான்.

மாவட்ட அலகு | 16 ஜூன், காலை 9.05

ஆதார் நகல் எடுத்து நோட்டில் ஒட்டாதீர்கள். எந்த அடையாள அட்டை, கடைசி நாலு இலக்கம், கைபேசி எண், அந்த எண்ணுக்கு அங்கேயே அழைத்துப் பார்த்தது, அவ்வளவு போதும். அந்த நோட்டும் ஹெல்ப் டெஸ்க்கில் விரித்தபடி கிடக்கக்கூடாது.

தரைத்தளம் | 16 ஜூன், பகல் 11.50

நுழைவாயில் கேமராவைப் பார்த்தாச்சு. சனிக்கிழமை 17:21:36, தெற்கு வாசல், அதே மனுஷர், குழந்தை அவர் தோளில். கூட யாரும் இல்லை. பின்பதிவு எழுதிட்டேன்:

"16.06.2025, 11.30. 14.06.2025 மாலை 6.10 பதிவுக்குப் பின்பதிவு. (அ) 'அண்ணனுடன் வந்ததாகக் கூறியது' என்பது கார்டின் ஊகம். 15ஆம் தேதி போனில் கேட்டபோது, குழந்தை சொன்ன ஒரே சொல் 'நானா' என்கிறார். தெலுங்கில் தந்தையைக் குறிக்கும் 'நான்னா' ஆக இருக்கலாம். (ஆ) 6.10 கார்டின் கைக்கடிகாரம், சரிபார்க்கப்படவில்லை. (இ) கடை டிவிஆர் 3 நிமிடம் 40 விநாடி முன். 15ஆம் தேதி அளந்தது, பில் நேரத்தோடு ஒத்துப் பார்த்தது. (ஈ) ஒப்படைப்புக்கு முன் நுழைவாயில் கேமரா பார்க்கப்படவில்லை. 16ஆம் தேதி பார்த்ததில் 17:21:36க்குக் குழந்தையுடன் நுழைந்தவரும் பெற்றுச் சென்றவரும் ஒருவரே. (உ) அறிவிப்பில் உடை நிறம் சொல்லப்பட்டது தவறு."

மேனேஜர் படிச்சுட்டு (ஈ), (உ) ரெண்டையும் எடுக்கச் சொல்றார். நம்ம தப்பை நாமே ஏன் எழுதணும்ங்கிறார்.

சட்டப்புள்ளி | 16 ஜூன், பகல் 12.10

ஒரு வக்கீலாக நானும் (உ)வை எடுக்கச் சொல்வேன். (ஈ) இருக்கட்டும், அதில்தான் ஆள் சரி என்ற சான்றே இருக்கிறது.

பழைய கண்ட்ரோல் ரூம் | 16 ஜூன், பகல் 12.40

எடுக்காதீர்கள். (ஈ) இல்லாமல் நுழைவாயில் நேரம் மட்டும் இருந்தால் அன்றே பார்த்ததாகப் படிக்கும், அது பொய். (உ)வைப் பற்றி மேனேஜரோடு நீங்கள்தான் பேச வேண்டும். (ஆ)வுக்கு ஒரு வழி இருக்கிறது, எஸ்கலேட்டர் கேமராவில் கார்டு குனியும் நேரத்தை எடுத்துப் போடுங்கள்.

தரைத்தளம் | 16 ஜூன், மாலை 5.15

எடுத்தேன். கார்டு குழந்தை முன்னாடி முட்டி போடுறது 18:08:22. அவர் கைக்கடிகாரம் ஒன்றரை நிமிஷம் கூட ஓடியிருக்கும், இல்ல பத்துன்னு சேர்த்து எழுதியிருப்பார். அவருக்கே தெரியல.

(உ) இன்னும் பேச்சில் இருக்கு. பிளே ஏரியா கவுன்டரில் நம்பர் ஒட்டியாச்சு. கடைக்காரர் டிவிஆர் பாஸ்வேர்டு அவருக்கே ஞாபகம் இல்லையாம். இன்ஸ்டால் பண்ணின பையன் ஊருக்குப் போயிருக்கான், அடுத்த வாரம் வருவான். அது வரைக்கும் அந்தக் கேமரா மூலையில் "இது 3:40 முன்னால் ஓடுகிறது" என்று ஒரு ஸ்டிக்கர்.

சும்மா வந்தவன் | 16 ஜூன், மாலை 5.22

ஸ்டிக்கரில் தேதி போட்டீங்களா?

தரைத்தளம் | 16 ஜூன், மாலை 5.24

போடல. போய்ட்டு வரேன்.